விடுமுறையில் தொண்டு: வைப்பின் வயல்கள் கற்றுத்தரும் கணக்கு

விடுமுறைக்கான சேமிப்பு கையில் சேர்ந்தவுடன் அதை எங்கே செலவிடுவது என்ற கேள்வி எழுகிறது. முன்பெல்லாம் மலையா, கடலா என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடும். இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் முன்வைக்கப்படுகிறது. நான்கு நாட்கள் ஓர் ஊரில் தங்கி, அவ்வூருக்கு ஏதேனும் உழைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் தொண்டுப் பயணம் அது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. பிள்ளைகளுக்கும் நல்ல பாடமாக அமையும் என்று தோன்றுகிறது. ஆயினும் பணம் கட்டுவதற்கு முன், அந்த உழைப்பு யாருக்கு, எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்குப் பார்ப்பது நம் கடமை என்றே கருதுகிறோம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஏற்ற இடம் கொச்சிக்கு எதிரே உள்ள வைப்பின் தீவு. 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் உருவானதாகக் கருதப்படும் இத்தீவு, ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய நிலப்பகுதி. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்த்தவர்கள் ஃபோர்ட் கொச்சித் துறையிலிருந்து படகேறிச் சில நிமிடங்களில் அங்கே போய்விடலாம். செராய் கடற்கரைக்குச் செல்லும் வழியில் எடவனக்காடு, குழுப்பிள்ளி, நாயரம்பலம் ஆகிய ஊர்களின் பக்கம் நீர் நிறைந்த பரந்த வயல்கள் தென்படும். அவைதாம் பொக்காளி வயல்கள்.

பொக்காளி என்பது உவர்நீரைத் தாங்கி வளரும் நெல். காயலின் உப்புநீர் ஏறி இறங்கும் நிலத்தில் அது விளைகிறது. சித்திரை பிறக்கும் வேளையில் வயலின் நீரை வடித்து, வரப்பைப் பலப்படுத்தி, சேற்றைக் குவித்துச் சிறு மேடுகள் அமைக்கிறார்கள். ஜூன் மாத மழை அம்மேடுகளின் உப்பைக் கழுவிய பிறகு முளைகட்டிய விதையைத் தூவுகிறார்கள். ஒரு மாதம் கழித்து மேட்டை மண்வெட்டியால் வெட்டி, நாற்றை மண்ணோடு சேர்த்து வயல் முழுதும் பரப்புகிறார்கள். உரமோ பூச்சிக்கொல்லியோ இடுவதில்லை. அக்டோபர் வாக்கில் கதிர் முற்றுகிறது. இடுப்பளவு நீரில் நின்று கதிர்ப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அழுகும் அந்தத் தாள், அடுத்து வரும் இறால்களுக்கு இரை. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அதே வயல் இறால் வயலாக மாறிவிடும். ஒரு நெல், ஒரு மீன் என்பதே இங்கு வழிவழியாக வந்த முறை.

இம்முறை இப்போது இடரில் இருக்கிறது. இறால் தரும் வருவாய் அதிகம். நெல்லோ ஆள்பலம் கேட்கும் பயிர். இயந்திரம் அந்தச் சேற்றில் புதைந்துவிடும். நீரில் நின்று அறுக்கத் தெரிந்த பெண்கள் முதுமையடைந்து வருகிறார்கள். இளையவர்கள் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டார்கள். விளைந்த கதிரை உரிய நாளில் அறுக்க ஆளில்லாமல் போனால், அது அவ்வாண்டின் இழப்போடு நிற்பதில்லை. அடுத்த ஆண்டு நெல்லே வேண்டாம், ஆண்டு முழுதும் மீனே போதும் என்று முடிவெடுக்க அதுவே காரணமாகிவிடும். ஆகவே அக்டோபரின் சில நாட்களில் இவ்வயல்களுக்கு வெளியிலிருந்து கைகள் தேவைப்படுகின்றன. மாணவர்களும் தன்னார்வலர்களும் அறுவடைக்குக் கைகொடுப்பது இதனால்தான்.

அப்படியென்றால் எவர் போனாலும் பயன்தானா? இங்கேதான் கணக்கு வருகிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு நாள் தொண்டுப் பயணத்திற்குத் தலைக்கு ரூ.12,000 கட்டணம், கணவனும் மனைவியும் போகிறார்கள், மொத்தம் ரூ.24,000. முதல் நாள் பயணத்திலும் பயிற்சியிலும் கழிய, மூன்று நாள் வேலை. சேற்றில் நடந்து பழகாதவர் பழகியவரின் வேலையில் பாதியைச் செய்வதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து ஒரு நாளில் ஓர் ஆளின் வேலையைச் செய்கிறார்கள். மூன்று நாளில் மூன்று ஆள்வேலை. கணக்கின் வசதிக்காக ஓர் ஆளின் நாட்கூலி ரூ.1,000 எனக் கொண்டால், அவர்கள் தந்த உழைப்பின் மதிப்பு ரூ.3,000. அவர்கள் கட்டிய பணமோ அதைப்போல் எட்டு மடங்கு. எனவே அவ்வூருக்கு அவர்கள் அளித்த உண்மையான உதவி, உழைப்பைவிடப் பணமே. அந்தப் பணத்தில் எவ்வளவு வயலுக்குப் போனது, எவ்வளவு இடைத்தரகருக்குப் போனது என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதே ரூ.24,000ஐச் சாதாரண விடுமுறையாக வைப்பினில் செலவிட்டால் என்ன ஆகும்? உள்ளூர்க்காரர் தம் வீட்டிலேயே நடத்தும் விடுதியில் தங்கி, அவர்கள் சமைத்ததை உண்டு, அவ்வூர்ப் படகோட்டியோடு காயலைச் சுற்றி, திரும்பும்போது விளைவித்தவரிடமே பொக்காளி அரிசி வாங்கி வந்தால், செலவின் பெரும்பகுதி அத்தீவிலேயே தங்கும். யாருடைய வேலையையும் நாம் தடுக்கவில்லை. எவரும் தம் வேலையை விட்டு நமக்குப் பயிற்சி தரவும் வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் இதுவே நேர்மையான உதவி என்பது நம் கருத்து. இதில் குற்ற உணர்வு கொள்ள ஏதுமில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பணம் கொடுத்தாலும் ஆள் கிடைக்காத நாட்களில் பழகாத கையும் மதிப்புப் பெறுகிறது. பொக்காளி அறுவடை நாட்கள் அத்தகையவை. அப்போது கூலிக் கணக்கு பொருந்தாது; நாம் சுமந்து வந்து வரப்பில் சேர்க்கும் கதிர், இல்லையேல் நீரிலேயே சாய்ந்து முளைத்துப் போயிருக்கும் கதிர். எனவே நல்ல திட்டத்தை அடையாளம் காண முதல் வழி, மாதத்தைக் கேட்பது. அறுவடை அக்டோபரை ஒட்டியே வரும். மழையைப் பொறுத்துச் சற்று முன்பின் ஆகலாம். ஆண்டு முழுதும் எந்த வார இறுதியில் வந்தாலும் பொக்காளி வயலில் தொண்டு செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் காட்டுவது வேடிக்கைக்காக ஒதுக்கிய ஒரு துண்டு நிலமாகத்தான் இருக்க வேண்டும். பிப்ரவரியில் அங்கே இருப்பது இறால். உண்மையான அமைப்பாளர் தேதியை உறுதியாகச் சொல்லத் தயங்குவார். கதிர் முற்றியதும் அழைக்கிறோம், நீரேற்றம் பார்த்து வேலைநேரம் மாறும் என்பார். நம் வசதிக்கு வளையாத திட்டமே வயலின் வசதிக்கு நடக்கும் திட்டம்.

இரண்டாவது கேள்வி: நாம் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? வழக்கமாக அறுக்கும் பெண்களுக்கு அன்றைக்குக் கூலி உண்டா? அறுப்பதை அவர்கள் செய்வார்கள், நீங்கள் கட்டுகளைச் சுமந்து படகில் ஏற்ற வேண்டும், அதற்குத்தான் ஆளில்லை என்பது நல்ல விடை. உங்களுக்கு அரிவாள் தருவோம், படம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவ்வளவு நல்ல விடையன்று. இலவசக் கை வந்ததால் கூலிக்காரர் வீட்டிலிருக்க நேர்ந்தால், அதைத் தொண்டு என்று சொல்ல முடியாது. தேங்கிய நீரில் இறங்குவதால் எலிக்காய்ச்சலுக்கு எதிரான முன்தடுப்பு பற்றி மருத்துவரைக் கேட்டு வரச் சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். காலில் புண்ணோடு வருபவரைத் திருப்பி அனுப்பும் அமைப்பு, வேலை அறிந்த அமைப்பு.

மூன்றாவது கேள்வி: கடந்த ஆண்டு செய்த வேலை இப்போது எந்நிலையில் உள்ளது? அலையாத்திக் கன்று நடும் திட்டங்களை எடைபோட இக்கேள்வி மிக உதவும். கொச்சிக் கரையோரத்திலும் இத்தகைய அழைப்புகள் வரலாம். ஒரு காலைப்பொழுதில் நூறு கன்று நட்டுவிட்டுத் திரும்புவது மனநிறைவு தரும். ஆனால் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கன்று நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றுள் ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. நட முயன்ற ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில், வெற்றி கண்டது ஐந்தில் ஒரு பங்கு அளவே. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் பார்க்க ஆளில்லாததும், மேயவந்த கால்நடைகளும் காரணங்கள். நட்டபின் கவனித்த இடங்களில் கன்றுகள் தழைத்தன.

கண்ணூர் மாவட்டத்தின் கல்லேன் பொக்குடன் தம் ஊர்க் கரையில் அலையாத்தி வளர்த்துப் புகழ்பெற்றவர். 2015இல் மறையும் வரை அவர் அக்கன்றுகளின் அருகிலேயே வாழ்ந்தார் என்பதுதான் அவர் வெற்றியின் பொருள். எனவே நடுவதற்கு அழைப்பவரிடம், மூன்றாண்டுக்கு முன் நட்ட இடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். எத்தனை பிழைத்தன என்று எண்ணிக்கை வைத்திருப்பவர், இறந்தவற்றையும் மறைக்காமல் சொல்பவர் நம்பத்தக்கவர். அவர் ஒருவேளை, நட வேண்டாம், அடைபட்ட ஓடையிலுள்ள குப்பையை அகற்றித் தாருங்கள், நீர் ஏறி இறங்கினால் விதை தானே வந்து முளைக்கும் என்றும் சொல்லக்கூடும். படத்திற்கு அழகில்லாத அந்த வேலையே பெரும்பாலும் பயனுள்ள வேலை.

ஒரு வகைத் திட்டத்தை மட்டும் முற்றாகத் தவிர்க்கச் சொல்வோம். காப்பகக் குழந்தைகளோடு சில நாள் பழகிவிட்டு வரும் பயணம் அது. அடுத்தடுத்து வந்து அன்பு காட்டிப் பிரியும் அந்நியர்களால் அக்குழந்தைகளுக்கு நேரும் காயம் பெரிது. நேபாளத்திலும் கம்போடியாவிலும் வருகையாளர் பணத்திற்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகள் காப்பகங்களில் சேர்க்கப்பட்டதும் உண்டு.

இறுதியாகப் பணம் கட்டும் முறை. கட்டணத்தைத் தனிநபர் கணக்கில் செலுத்தாமல், அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள். தங்குமிடம், உணவு, வயலுக்கான தொகை, நிர்வாகச் செலவு எனப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தங்கியதற்கும் உண்டதற்கும் கொடுத்த பணம் நன்கொடை ஆகாது. முழுத்தொகைக்கும் வரிக்கழிவு உண்டு என்று உறுதி கூறுபவரிடம் எச்சரிக்கை தேவை.

இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைத்து, உடலும் ஒத்துழைத்தால், அக்டோபரில் வைப்பினுக்குப் புறப்படுங்கள். விடை கிடைக்கவில்லையெனில், அதே தீவுக்கு விருந்தினராகப் போய் வாருங்கள். திரும்பும்போது பையில் ஐந்து கிலோ பொக்காளி அரிசி இருக்கட்டும். அந்த நெல்லுக்கு வாங்குவோர் இருக்கும் வரை, அதை விதைக்கவும் யாரேனும் இருப்பார்கள்.