தலைப்பை மூடிவிட்டுக் கணக்கைப் பாருங்கள்

ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேசனிலும் தொகை நுண்கணிதம் படிக்கும் மாணவர்களின் குறிப்பேடுகளில் ஒரே மாதிரியான அமைப்பைப் பார்க்கிறேன். மேலே 'பகுதித் தொகையிடல்' என்று சிவப்பு மையில் தலைப்பு. கீழே சூத்திரம். அதன் கீழே ஐந்தாறு செய்து காட்டிய கணக்குகள். இங்கே சி ரூசாவில் பிரத்தியேக வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் நோட்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. கணக்குகளில் பிழை இல்லை, படிகளும் சரி. ஆனாலும் தேர்வுத்தாளில் தலைப்பு இல்லாமல் ஒரு கணக்கு வந்தால் பலருக்குக் கை நின்றுவிடுகிறது.

காரணம் எளிது. அந்தப் பக்கத்தில் எந்த முறை என்ற முடிவை மாணவர் எடுக்கவே இல்லை, தலைப்பு எடுத்துக் கொடுத்துவிட்டது. செய்து காட்டிய கணக்கு, முறையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தொடங்குகிறது. தேர்ந்தெடுப்பதைக் கற்றுத் தராத குறிப்பு அரைக் குறிப்பு என்பது என் கருத்து.

சூத்திரத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

∫ u dv = uv − ∫ v du

இது பெருக்கல் விதியின் மறுபக்கம். uv-ஐ வகையிட்டால் இரண்டு உறுப்புகள் வரும் அல்லவா? அதைத் தொகையிட்டு, ஓர் உறுப்பை இடம் மாற்றினால் இதுதான் கிடைக்கும். 1715-இல் புரூக் டெய்லர் வெளியிட்ட நூலிலேயே இந்த முறை இருக்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தச் சூத்திரம் விடையைத் தருவதில்லை. ஒரு தொகையீட்டைக் கொடுத்து வேறொரு தொகையீட்டை வாங்கிக்கொள்கிறது. வாங்கியது கொடுத்ததைவிட எளிதாக இருந்தால் லாபம், கடினமாக இருந்தால் நட்டம். முறை பொருந்துமா என்ற கேள்வி முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருக்கும் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

∫ x eˣ dx
∫ x e^(x²) dx
∫ x³ e^(x²) dx

முதலாவதில் u = x, dv = eˣ dx என்று வைக்கிறோம். x-ஐ வகையிட்டால் 1 ஆகிவிடும். eˣ-ஐத் தொகையிட்டாலும் அது மாறாது. எனவே நாம் வாங்கும் தொகையீடு வெறும் ∫ eˣ dx. விடை x eˣ − eˣ + C. சரி, இதையே மாற்றி u = eˣ, dv = x dx என்று வைத்தால் என்ன ஆகும்?

(x²/2) eˣ − ∫ (x²/2) eˣ dx

இதில் தவறான படி எதுவும் இல்லை. ஆனால் x இருந்த இடத்தில் x² வந்துவிட்டது. இன்னொரு முறை செய்தால் x³ வரும். அடுக்கு ஏறுகிறது என்றால் u, dv இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்று பொருள். இதை முதல் வரியிலேயே கண்டுகொள்ளலாம், அரைப் பக்கம் எழுதிவிட்டு அழிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கணக்கில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். x ஒன்று, e ஒன்று, பெருக்கலாக நிற்கின்றன. உடனே பகுதித் தொகையிடல் என்று கை ஓடுகிறது. u = x என்றால் dv = e^(x²) dx. அதன் v என்ன? நாம் அறிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு e^(x²)-இன் தொகையீட்டை எழுதவே முடியாது. இப்படிப்பட்ட தொகையீடுகளை எழுத முடியாது என்பதை நிறுவும் வழியைப் பிரெஞ்சுக் கணிதர் லியூவில் 19-ஆம் நூற்றாண்டில் காட்டினார். சரியென்று மாற்றி, u = e^(x²), dv = x dx என்று வைத்துப் பாருங்கள்.

(x²/2) e^(x²) − ∫ x³ e^(x²) dx

x இப்போது x³ ஆகிவிட்டது. நட்டம்தான்.

இங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அடுக்கில் உள்ளே ஒளிந்திருப்பது x². அதன் வகைக்கெழு 2x. அந்த x வெளியே தயாராக நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் t = x² என்று பிரதியிட்டால் கணக்கு (1/2) ∫ eᵗ dt ஆகிவிடும். விடை (1/2) e^(x²) + C. இரண்டே வரி. ஆகவே பெருக்கலைப் பார்த்ததும் 'உள்ளே இருப்பதன் வகைக்கெழு வெளியே இருக்கிறதா?' என்பதையே முதலில் கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்த பிறகு பகுதித் தொகையிடலுக்குப் போகலாம்.

இப்போது மூன்றாவது. இதற்குள் போகுமுன், பலரும் மனப்பாடம் செய்திருக்கும் 'லையேட்' விதியைச் சொல்லியாக வேண்டும். மடக்கை, நேர்மாறு முக்கோணவியல், இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குச் சார்பு என்ற வரிசையில் எது முதலில் வருகிறதோ அதை u-ஆக எடு என்பது அந்த விதி. 1983-இல் ஹெர்பர்ட் கசூபே என்பவர் 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி' இதழில் இதை எழுதினார். நல்ல கைத்தடிதான். ∫ x ln x dx போன்ற கணக்கில் ln x-ஐ u-ஆக எடுக்கச் சொல்லி நேராகக் கரை சேர்க்கும். ஆனால் அது சொல்வதெல்லாம் எதை u-ஆக எடுப்பது என்பதுதான். பகுதித் தொகையிடல் தேவையா என்று அது சொல்லாது. ∫ (ln x)/x dx கணக்கில் t = ln x என்று பிரதியிட்டால் ஒரே வரியில் முடியும், லையேட் அதை உங்களிடம் சொல்லப் போவதில்லை.

மூன்றாவது கணக்கில் லையேட் இன்னும் மோசமாகக் கைவிடுகிறது. u = x³ என்று எடுக்கச் சொல்லும். மீதம் e^(x²) dx. அதே சுவரில் மோதி நிற்போம். இரண்டாவது கணக்கை இப்போது நினைத்துப் பாருங்கள். x e^(x²)-ஐத் தொகையிட நமக்குத் தெரியும். அப்படியானால் x³-ஐ x² என்றும் x என்றும் பிரித்து, x-ஐ e^(x²) பக்கம் அனுப்பிவிடலாம்.

u = x², dv = x e^(x²) dx
du = 2x dx, v = (1/2) e^(x²)

எனவே தொகையீடு

(1/2) x² e^(x²) − ∫ x e^(x²) dx = (1/2) x² e^(x²) − (1/2) e^(x²) + C

இதை வகையிட்டுப் பாருங்கள். நடுவில் x e^(x²) இரண்டு முறை எதிரெதிர்க் குறியோடு வந்து அடிபட்டு, x³ e^(x²) மட்டும் மிஞ்சும். இங்கே u-ஐத் தேர்ந்தெடுக்கவே இல்லை. தொகையிடத் தெரிந்த மிகப் பெரிய துண்டு எது என்று பார்த்து, அதை dv-ஆக எடுத்தோம். u மீதியாக வந்தது. எனக்குக் கேட்டால், வரிசையை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பார்வையையே முதலில் கற்றுத் தருவேன்.

இரண்டு முறையும் ஓடும் கணக்குகளும் உண்டு. ∫ x √(x+1) dx அப்படிப்பட்டது. t = x + 1 என்று பிரதியிட்டால்

(2/5)(x+1)^(5/2) − (2/3)(x+1)^(3/2) + C

u = x என்று பகுதித் தொகையிடலில் போனால்

(2/3) x (x+1)^(3/2) − (4/15)(x+1)^(5/2) + C

விடைத்தாளில் உள்ளது முதல் வடிவம் என்றால், இரண்டாவதை எழுதிய மாணவர் தன் விடை தவறென்று எண்ணி அடித்துவிடுவார். அடிக்க வேண்டாம். இரண்டாவதில் x-க்குப் பதில் (x+1) − 1 என்று எழுதி விரித்தால் 2/3 − 4/15 = 2/5 என்று முதல் வடிவமே வந்து நிற்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குறிப்பு தயாரிக்கும்போது ஓடாத முயற்சியையும் எழுதிக் கொடுங்கள். மேலே x, x³ ஆன அந்த வரியைப் போன்ற ஒன்று குறிப்பில் இருந்தால், பிள்ளைகள் தேர்வில் அதே வரியைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். மாணவர்களே, உங்கள் நோட்டில் தலைப்பின் மேல் ஒரு தாளை வைத்து மூடுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் முதல் வரியை மட்டும் படித்து, எந்த முறை, ஏன் என்று ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, பிறகு தாளை எடுங்கள். தொடங்குவதற்கு இது: ∫ x³ √(x²+1) dx. இதற்கும் இரண்டு வழி உண்டு. பகுதித் தொகையிடலில் போகிறவர்கள் dv-ஐ எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று பாருங்கள்.