ஷோல்டர் இறங்குதா, வயிறு லூஸா? சட்டையை டெய்லர்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு!

ஆஃபர்ல ஆர்டர் போட்ட சட்டை வீட்டுக்கு வந்துடுச்சு. ஆசையா போட்டுப் பார்த்தா, வயித்துப் பக்கம் காத்தடிச்ச பலூன் மாதிரி நிக்குது. “தெருமுனை டெய்லர்கிட்ட கொடுத்துப் பிடிச்சுக்கலாம்டா” என்கிறார் அம்மா. “அதான் வரியைக் குறைச்சுட்டாங்களே, வேற வாங்கிக்கோ மச்சி” என்கிறான் நண்பன். நீங்க யார் பேச்சைக் கேட்பீங்க?

முதல்ல நண்பன் சொல்ற வரிக் கணக்கைப் பார்த்துடலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேடு உடைகளுக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். அதற்கு முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவிகிதம். வரி சேர்க்காமல் 1,250 ரூபாய் விலையுள்ள சட்டைக்கு முன்பு 1,400 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். இப்போது 1,312 ரூபாய் 50 காசு. அதாவது மிச்சம் 87 ரூபாய் சொச்சம். ஆயிரத்துக்குக் கீழே இருந்த சட்டைக்கு முன்னாடியும் 5 சதவிகிதம்தான் என்பதால், அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆக, ‘வரி குறைஞ்சுடுச்சு, புதுசு வாங்கலாம்’ என்பது நினைக்கிற அளவுக்குப் பெரிய லாபம் இல்லை.

மாறாக, 2,500 ரூபாயைத் தாண்டிய உடைகளுக்கு வரி 12-லிருந்து 18 சதவிகிதமாக ஏறியிருக்கிறது. 4,000 ரூபாய் பிளேஸருக்கு முன்பு 4,480 ரூபாய் என்றால், இப்போது 4,720 ரூபாய். அலமாரியில் ஏற்கெனவே ஒரு பிளேஸர் தொங்கினால், அதை ஆல்ட்டர் செய்து போடுவதற்கான நியாயம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஆனால், முடிவெடுக்கப் பணம் மட்டும் போதாது. ‘எவ்வளவு லூஸ்’ என்பதைவிட ‘எங்கே லூஸ்’ என்பதுதான் முக்கியமான கேள்வி.

என் நண்பன் ஒருவன் புது வேலையில் சேர்வதற்காக ஒரே நேரத்தில் ரெண்டு சட்டை வாங்கினான். ரெண்டும் L சைஸ். ஒன்று கட்டம் போட்டது, இன்னொன்று பிளெயின் நீலம். வெவ்வேறு பிராண்ட் என்பதால், கட்டம் போட்ட சட்டையில் ஷோல்டர் ரெண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் இறங்கியிருந்தது. நீலச் சட்டையில் ஷோல்டரும் நெஞ்சும் கச்சிதம், வயிறு மட்டும் தொளதொள. ரெண்டையும் டெய்லர்கிட்ட எடுத்துட்டுப் போனான். நீலத்துக்கு 100 ரூபாய் கேட்டவர், கட்டம் போட்டதுக்கு 350 கேட்டதோடு, “தம்பி, பண்ணித் தர்றேன். ஆனா பழைய மாதிரி இருக்காது, பார்த்துக்கங்க” என்று சேர்த்துச் சொன்னார். (ஊருக்கு ஊர் கூலி மாறும். ஆனால், ரெண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எங்கேயும் இருக்கும்.)

ஏன் இந்த வித்தியாசம்? வயிற்றுப் பக்கம் பிடிப்பது நேரடியான வேலை. அக்குளுக்குக் கீழே ஆரம்பித்து, சைடில் புதுசாக ஒரு தையல் ஓட்டி, மிச்சத் துணியை வெட்டி ஓவர்லாக் அடித்தால் முடிந்தது. துணி ரெண்டு மடிப்பாக இருப்பதால், ஒரு பக்கம் முக்கால் இன்ச் பிடித்தால் ஒன்றரை இன்ச் குறையும். ரெண்டு பக்கமும் சேர்த்து சுற்றளவில் மூணு இன்ச்! கை, காலர் எதையும் தொட வேண்டியதே இல்லை.

ஷோல்டர் அப்படி இல்லை. கையை முழுசாகப் பிரித்து எடுக்கணும். ஷோல்டரை உள்ளே தள்ளி வெட்டினால், கை வந்து சேர்கிற வளைவின் அளவே மாறிவிடும். அதற்கு ஏற்ற மாதிரி கையின் மேல்பகுதியையும் வெட்டி, சுருக்கம் விழாமல் திரும்பப் பொருத்தணும். கொஞ்சம் பிசகினாலும் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே இழுக்கும். கட்டம் போட்ட துணியில் கட்டங்கள் நேராகச் சேராமல் போனால், அதுவும் பளிச்சென்று தெரியும். இவ்வளவு உழைப்புக்கு 350 ரூபாய் என்பது அதிகமில்லை. ஆனால், ஆயிரத்துச் சொச்சம் சட்டைக்கு அது கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

‘சரி, நீலச் சட்டைக்கு மட்டும் ஏன் 100 ரூபாய் தண்டம்? அதையும் மாத்திட்டு M வாங்கலாமே’ என்று தோணலாம். அவனும் M போட்டுப் பார்த்தான். நெஞ்சில் பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. அவன் நெஞ்சு L, வயிறு M. அதே அளவில் வெட்டுகிற பிராண்டில் எத்தனை முறை மாற்றினாலும், ஒன்று இங்கே இடிக்கும், இல்லை அங்கே தொங்கும். அப்படிப்பட்ட உடம்புவாகு உள்ளவர்களுக்குப் புதுச் சட்டையின் உண்மையான விலை என்பது, சட்டை விலையோடு அந்த 100 ரூபாயும் சேர்ந்ததுதான்.

லூஸைக் குறைக்கலாம், டைட்டை என்ன பண்றது? உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்காங்களோ, அவ்வளவுதான் உங்க வாய்ப்பு. ரெடிமேடு சட்டையில் பெரும்பாலும் கால் இன்ச்கூட மிஞ்சாது. தைத்து வாங்கிய சுடிதார், பிளவுஸில் டெய்லர் கொஞ்சம் துணி விட்டிருப்பார். ஃபார்மல் பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலிலும் துணி இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றை மட்டும் கவனியுங்க. ரொம்ப நாள் துவைத்துச் சாயம் மங்கிய துணியைப் பிரித்துவிட்டால், உள்ளே இருந்த பகுதி அடர்நிறத்தில் கோடாகத் தெரியும். பட்டு, சாட்டினில் பழைய ஊசித் துளைகள் அப்படியே நிற்கும்.

இப்போ வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? டேக்கைப் பிய்க்காமல் சட்டையைப் போட்டு, ஷோல்டர் தையல் எங்கே உட்காருதுன்னு பாருங்க. தோள் எலும்பு முடிகிற இடத்தில் இருந்தால் சரி. அரை இன்ச் அப்படி இப்படி இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. (டிராப் ஷோல்டர், ஓவர்சைஸ்டு டி-ஷர்ட்டுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அதை இறக்கித்தான் தைப்பாங்க.) ஷோல்டர் சரியென்றால், சைடில் லூஸான துணியைப் பிடித்துத் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டுங்க. ஊக்கு குத்தினால் ஓட்டை விழலாம், ரிட்டர்னில் சிக்கலாகும். கிளிப்போடு உட்காருங்க, ரெண்டு கையையும் முன்னால் நீட்டுங்க. முதுகில் பிடிக்கவில்லை என்றால் அந்த அளவுக்குக் குறைக்கலாம்.

பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. காட்டன் சட்டை முதல் அலசலில் கொஞ்சம் சுருங்கலாம் என்பதால், ஒருமுறை துவைத்த பிறகு ஆல்ட்டர் பண்ணுவதுதான் நல்லது. ஆனால், துவைத்தாலோ வெட்டினாலோ ரிட்டர்ன் கிடையாது. அதனால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் வெச்சுக்கறதா வேண்டாமா என்று முடிவு பண்ணிடுங்க. அப்புறம் துவையல், அப்புறம்தான் டெய்லர். அவர்கிட்டேயும் “அண்ணே, முதல்ல ஒரு தையல் மட்டும் போடுங்க, போட்டுப் பார்த்துட்டு வெட்டிக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். அதிகமாகப் பிடித்துவிட்டால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நண்பன் கட்டம் போட்டதைத் திருப்பி அனுப்பிவிட்டான். கடைசி நாள், ராத்திரி பத்தரைக்கு. நீலச் சட்டைதான் முதல் நாள் ஆபீஸுக்குப் போனது.