அறிமுகம் செய்வோர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு பெங்களூரில் ஒரு தமிழ் விழா. கன்னட நாவல்களைத் தமிழாக்கம் செய்யும் ஓர் அம்மையார் சிறப்புரைக்கு வந்திருந்தார். அறிமுகம் செய்த அன்பர், "சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், ஆலங்குடியில் பிறந்து புதுக்கோட்டை மண்ணுக்குப் பெருமை சேர்த்தவர்" என்று முழங்கினார். அம்மையார் எழுந்து, தாம் பெற்றது மொழிபெயர்ப்புப் பரிசு என்றும், தம் ஊர் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி என்றும் திருத்த வேண்டியதாயிற்று. தாமே பொய் சொல்லிக்கொண்டதாகச் சபையோர் நினைப்பார்களோ என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது.

பிழை எங்கிருந்து வந்தது? வேறொரு சங்கத்தின் பழைய அழைப்பிதழிலிருந்து. விருது என்பதை அங்கே ஒருவர் சுருக்கி எழுதினார். இங்கே ஒருவர் அதை அப்படியே படித்தார். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து மாவட்டத்தைத் தாமாகவே சேர்த்தும் கொண்டார்.

இதைத் தவிர்க்க இரண்டு பேரிடம் பேசினால் போதும். முதலில் விழா அமைப்பாளர். இவரை ஏன் அழைத்தீர்கள், தலைப்பு என்ன, கேட்க வருவோர் யார், அறிமுகத்திற்கு எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். பேச்சு மொழிபெயர்ப்பைப் பற்றியது என்றால், பேச்சாளர் வங்கியில் வகித்த பதவிகளை அடுக்குவது வீண் என்பது அப்போதே விளங்கிவிடும்.

அடுத்து, விழாவுக்கு இரண்டு நாள் முன்பாவது பேச்சாளர். பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆங்கில அழைப்பிதழைப் பார்த்து லகரமா, ளகரமா, குறிலா, நெடிலா என்று ஊகிப்பது வெளிமாநிலத்தில் நம்மவர் அடிக்கடி செய்யும் தவறு. இப்போது பணியில் உள்ளாரா, ஓய்வு பெற்றாரா? மேடையில் சொல்ல வேண்டாம் என்று நினைப்பது எது? கடைசியில், எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும்.

அதன் பிறகும் சரிபார்ப்பு வேண்டும். ஆண்டுகளை அவரவரே மறப்பதுண்டு. சாகித்திய அகாதெமியின் பரிசுப் பட்டியல் ஆண்டு வாரியாக, மொழி வாரியாகக் கிடைக்கிறது. மொழிபெயர்ப்புப் பரிசு 1989-இல் ஏற்பட்டது. அதன் பட்டியல் தனி. பரிசுக்குரிய ஆண்டும் அதைக் கையில் வாங்கிய ஆண்டும் வேறுபடலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நூலின் பெயருக்கும் பதிப்பாண்டுக்கும் நூலின் முதல் ஏடுகளே சாட்சி.

பேச்சாளர் சொன்னதும் பட்டியலும் ஒத்துவராவிட்டால் மீண்டும் அவரையே கேட்கலாம். அப்போதும் தெளியாத செய்தியை விட்டுவிடுவதே முறை. சொல்லாமல் விட்ட பெருமைக்காக எந்தப் பேச்சாளரும் மேடையில் மறுப்புச் சொல்ல நேர்ந்ததில்லை.