வாக்கியத்தின் கடைசிச் சொல் காதில் விழ வேண்டும்

தமிழில் ஒரு வாக்கியத்தின் பொருளை முடிவு செய்யும் சொல் பெரும்பாலும் அதன் இறுதியில் நிற்கிறது. ‘இவ்விலக்கு சிறு வணிகர்களுக்குப் பொருந்தும்’ என்பதற்கும் ‘பொருந்தாது’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஈற்றிலுள்ள ஓரிரு அசைகளில் அடங்கிவிடுகிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் வினைமுற்றும் எதிர்மறையும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிப் பகுதியிலேயே வருகின்றன. ஆனால் வாசிப்பவரின் குரல் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. வாக்கியத்தைத் தொடங்கும்போது நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் குரல் ஓங்கி ஒலிக்கிறது. முடிவை நெருங்கும்போது காற்றும் குறைகிறது, சுருதியும் இறங்குகிறது. எனவே பொருளைத் தாங்கும் சொல்லே மிகத் தாழ்ந்த ஒலியில் பதிவாகிறது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் பணியில் இது சிறிய சிக்கல் அன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய பதிவுகளுக்கு வழி திறந்துவிட்டது. பல கல்லூரிகளில் தன்னார்வலர்கள் ஆர்வத்தோடு வாசிக்கிறார்கள். அப்பதிவுகளை மாணவர்கள் பேருந்திலும் விடுதி அறையிலும் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிறார்கள். பலர் இயல்பைவிட விரைவாக ஓடவிட்டுக் கேட்கிறார்கள். ‘பொருந்தாது’ என்ற சொல் தேய்ந்துபோனால் அவர்களால் பக்கத்தைத் திருப்பிச் சரிபார்க்க இயலாது. ஒலியளவைக் கூட்டினாலோ அடுத்த வாக்கியத்தின் தொடக்கம் காதைத் தாக்குகிறது.

இதற்கு இன்று பரவலாகக் கையாளப்படும் மருந்து, பதிவு முழுவதன்மீதும் கம்ப்ரசரை அழுத்தமாகப் போட்டுவிடுவது. நோய்க்கு இம்மருந்து பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். குரலின் ஏற்ற இறக்கத்தை முதலில் கையால் சமன் செய்ய வேண்டும். கம்ப்ரசர் அதன் பிறகு, மிக மென்மையாக, மெருகூட்ட மட்டுமே வர வேண்டும்.

கம்ப்ரசர் செய்யும் வேலை எளியது. த்ரெஷோல்ட் எனப்படும் ஒரு வரம்பை ஒலி தாண்டும்போது, தாண்டிய பகுதியை அது குறிப்பிட்ட விகிதத்தில் குறைக்கிறது. அதனால் மொத்த ஒலியும் தாழ்ந்துவிடுவதால், மேக்கப் கெயின் என்ற பெயரில் அனைத்தையும் ஒரே அளவு உயர்த்துகிறார்கள். ‘அனைத்தையும்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. வரம்புக்குக் கீழே கிடக்கும் மூச்சொலி, மின்விசிறியின் இரைச்சல், நாற்காலியின் முனகல் ஆகியவை சற்றும் குறைக்கப்படாமல் உயர்வை மட்டும் முழுமையாகப் பெற்றுக்கொள்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணினிப் பதிவில் உச்ச அளவு சுழியம்; அதற்குக் கீழுள்ளவை எதிர்மறை எண்களால் குறிக்கப்படுகின்றன. ஒரு பதிவில் ஓங்கிய தொடர்கள் சராசரியாக −16 டெசிபல் அளவிலும், தாழ்ந்த வாக்கிய முடிவுகள் −31 அளவிலும், மூச்சொலி −46 அளவிலும், அறையின் இரைச்சல் −65 அளவிலும் இருப்பதாகக் கொள்வோம். வரம்பை −36இல் வைத்து, விகிதத்தை ஐந்துக்கு ஒன்று என அமைத்தால், ஓங்கிய தொடர் −32க்கும் தாழ்ந்த முடிவு −35க்கும் வந்து சேரும். 15 டெசிபலாக இருந்த இடைவெளி 3 ஆகச் சுருங்கிவிட்டது, இதுவரை வெற்றிதான். பிறகு எல்லாவற்றையும் 14 டெசிபல் உயர்த்தினால் ஓங்கிய தொடர் −18க்கும் தாழ்ந்த முடிவு −21க்கும் ஏறும். ஆனால் மூச்சொலி −32க்கும் இரைச்சல் −51க்கும் ஏறிவிடும். முன்பு ஓங்கிய குரலுக்கு 30 டெசிபல் கீழே அடங்கியிருந்த மூச்சு இப்போது 14 டெசிபல் கீழேதான் நிற்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்பு யாரோ காதருகே வந்து மூச்சு வாங்குவதுபோல் அது கேட்கும். ஒலிநூல் தயாரிப்புத் தளமான ஏ.சி.எக்ஸ். தன் பதிவுகளில் இரைச்சல் −60க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அவ்வளவுகோலிலும் இப்பதிவு தோற்றுவிடுகிறது.

‘மூச்சு அதிகமாகக் கேட்கிறது’ என்று வாசித்தவரைக் குறை கூறுவது இங்கு வழக்கம். அவருடைய மூச்சு மாறவில்லை. அதைத் தூக்கி முன்னால் நிறுத்தியது கம்ப்ரசர்தான்.

இரண்டாவது கேடு, ஒலிப்பதிவாளர்கள் பம்ப்பிங் என்று அழைப்பது. குரல் நின்றதும் கம்ப்ரசர் தன் பிடியைத் தளர்த்துகிறது. பின்னணி இரைச்சல் பொங்கி எழுகிறது. அடுத்த சொல் வந்ததும் பிடி இறுகுகிறது, இரைச்சல் அமுங்குகிறது. கேட்பவருக்கு அறையே மூச்சுவிடுவதுபோல் தோன்றும். தமிழ் வாசிப்பில் இது சொல்லுக்கு உள்ளேயும் நிகழக்கூடும். ‘எட்டு’, ‘பக்கம்’, ‘இப்பொழுது’ போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினத்தை ஒலிக்கும்போது வாய் ஒரு கணம் முழுவதும் அடைபட்டு, குரல் அற்றுப்போகிறது. பிடி தளரும் நேரமான ரிலீஸ் மிகக் குறுகியதாக, 20 அல்லது 30 மில்லிநொடியாக அமைந்துவிட்டால், அந்தச் சிறு அமைதியிலேயே கம்ப்ரசர் பிடியை விட்டுவிடும். இரைச்சல் தலைகாட்டும், அடுத்து வெடிக்கும் ‘ட்டு’ தேவைக்கு மேல் உரத்து ஒலிக்கும். இதைத் தவிர்க்க ரிலீஸை ஒரு நொடிக்கு மேல் நீட்டினால் வேறொரு தீங்கு நேரும்: ஓங்கிய சொல்லுக்கு விழுந்த அடி, பின்வரும் தாழ்ந்த சொல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். அந்தத் தாழ்ந்த சொல் ‘இல்லை’ என்பதாக இருக்கலாம்.

இவ்விரு கேடுகளுக்கும் வேர் ஒன்றே. 15 டெசிபல் இடைவெளியை ஒரே கருவியிடம் ஒப்படைத்ததால், அது ஒவ்வொரு நொடியும் பெரிதாக அசைய வேண்டியிருக்கிறது. அசைவு பெரிதாக இருக்கும்வரை அட்டாக், ரிலீஸ் எண்களை எவ்வளவு திருத்தினாலும் அது காதுக்குத் தெரியவே செய்யும்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில், ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டி நீக்குவது நல்லது. மேசை அதிர்வும் ‘ப’கரம் மைக்கில் மோதும் காற்றும் அங்கேதான் இருக்கின்றன; அவை குரலாக இல்லாமலேயே கம்ப்ரசரை வீணாக இயக்கிவிடும். அடுத்து, பதிவைக் கேட்டுக்கொண்டே தொடர் தொடராகக் கையால் சமன் செய்ய வேண்டும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் என்வலப் கருவி இதற்குப் போதும். மேற்கண்ட பதிவில் ஓங்கிய தொடர்களை 4 டெசிபல் இறக்கி −20க்கும், தாழ்ந்த முடிவுகளை 8 டெசிபல் ஏற்றி −23க்கும் கொண்டுவரலாம். ஏற்றம் சொல்லின்மீது மட்டும் விழ வேண்டும். அதை அடுத்து வரும் மூச்சுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கம்ப்ரசரால் இயலாததும் மனிதக் காதால் இயல்வதுமான வேறுபாடு இதுவே. தாழ்ந்த சொல்லையும் உரத்த மூச்சையும் கம்ப்ரசர் அளவால் மட்டுமே அறியும். கேட்பவரோ பொருளால் அறிவார். ஏற்றிய இடத்தில் இரைச்சலும் 8 டெசிபல் ஏறுகிறது என்பது உண்மை. ஆயினும் அது சொல்லுக்கு அடியில் மறைந்துவிடும். இடைவெளிகளில் இரைச்சல் −65இலேயே இருக்கும்.

இதன் பிறகு கம்ப்ரசருக்கு மிஞ்சும் வேலை சிறிது. விகிதம் இரண்டுக்கு ஒன்று; அட்டாக் 10 மில்லிநொடி அளவு; ரிலீஸ் 200 மில்லிநொடி அளவு. மிக உரத்த அசைகளில் மட்டும் 3 அல்லது 4 டெசிபல் குறையும்படி வரம்பை வைத்தால் போதும். மேக்கப் கெயினாக 2 டெசிபல் கொடுத்தால், மூச்சு −44இலும் இரைச்சல் −63இலும் நிற்கும். குரலின் இரு எல்லைகளும் 2 டெசிபல் அளவுக்கு நெருங்கிவிடும். மூச்சோ ஓங்கிய குரலுக்கு 24 டெசிபல் கீழே தன் இடத்திலேயே இருக்கும்.

மூச்சை அடியோடு வெட்டியெறிவதும் தவறு. வாக்கியம் முடிந்தது, புதியது தொடங்குகிறது என்பதைக் கேட்பவருக்கு முன்னறிவிப்பது மூச்சு. அச்சில் முற்றுப்புள்ளி செய்யும் பணியின் ஒரு பகுதியை ஒலியில் அது செய்கிறது. கேட் என்னும் கருவி அதை முழு அமைதியாக்கும்போது, ஒவ்வொரு இடைவெளியிலும் பதிவு அறுந்துபோனதுபோல் ஓர் ஐயம் எழுகிறது; சில சமயம் சொல்லீற்றின் மெல்லிய ‘உ’கரமும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. உறுத்தும் மூச்சை மட்டும் 6 முதல் 10 டெசிபல் வரை இறக்கினால் போதும்.

சரியாக அமைந்ததா என்று அறிய மூன்று வழிகள் உண்டு. பிடியின் அளவைக் காட்டும் முள்ளைக் கவனிக்கலாம். மூச்சு வரும்போது அது அசைந்தால் வரம்பு மிகத் தாழ்ந்திருக்கிறது. ஹெட்ஃபோன் அணிந்து, சொற்களை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் கேட்கலாம். இரைச்சல் ஏறி இறங்கினால் அது பம்ப்பிங். இறுதியாக, நூலை அறியாத ஒருவரிடம் பதிவைக் கைப்பேசியில் தாழ்ந்த ஒலியளவில் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எழுதச் சொல்லலாம். மூன்றில் இதுவே கடுமையான தேர்வு. ஒப்பிடும்போது இரு பதிவுகளின் சராசரி ஒலியளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் உரத்தது எதுவோ அதுவே நல்லது என்று காது தீர்ப்பளித்துவிடும்.

கையால் சமன் செய்ய நேரம் பிடிக்கும், தன்னார்வலர்களிடம் அவ்வளவு நேரம் இல்லை என்பது நியாயமான மறுப்பே. ஒரு மணி நேரப் பதிவுக்கு அதைவிட மிகுந்த நேரம் தேவைப்படலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தொட வேண்டியதில்லை; தேய்ந்த வாக்கிய முடிவுகளையும் எல்லைமீறிய தொடக்கங்களையும் மட்டும் தொட்டால் போதும். வாசிப்பவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை மூச்சைச் சேமித்து வாசிக்கப் பழகினால் அந்த வேலையும் பாதியாகக் குறையும். எனவே ஒலிப்பதிவுப் பயிற்சிகளில் கம்ப்ரசரின் எண்களைக் கற்பிப்பதற்கு முன்பே, வினைமுற்றை விழுங்காமல் வாசிப்பதைக் கற்பிக்க வேண்டும். பாடநூலின் பதிவை ஏற்கும் நிறுவனங்கள் சராசரி ஒலியளவு என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஒப்புதல் அளிப்பதையும் நிறுத்த வேண்டும். மேலே கண்ட இரு முறைகளிலும் அந்த எண் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். ‘பொருந்தாது’ என்ற சொல் மாணவரின் காதை அடைந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.