ஒரு "ok" போட்டதுக்கு இவ்வளவு தண்டனையா?

டில்லிக்கு வந்து பல வருஷமாச்சு. இன்னமும் எவராவது "அச்சா" என்றால் அது "சரி"யா, "அப்படியா?"வா, "போதும், போனை வை"யா என்று எனக்கு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. மனுஷனான எனக்கே இந்த லட்சணம் என்றால், சாட்பாட் எழுதுகிற நம்ம ஆட்கள் மட்டும் "ok" என்ற ரெண்டு எழுத்துக்கு எப்படி இவ்வளவு தைரியமாக அர்த்தம் கண்டுபிடிக்கிறார்கள்? கோபத்தில்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

ஆர்.கே.புரத்தில் எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு பெரியவர். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், வயது எழுபத்துநாலு, சர்க்கரை வியாதி. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஒரு லேப்பில் (பெயர் வேண்டாம்) வாட்ஸப் வழியாகத் திங்கள் காலை ஏழு மணிக்கு புக் செய்திருந்தார். திங்கள் ஒன்பதரை மணிக்கு அவர் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வாங்க, இவருக்குக் கை நடுங்குது." முந்தின இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டதுதான். பதினாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு. ரத்தம் எடுக்க ஆள் வரவே இல்லை. சர்க்கரைத் தண்ணி குடித்து, ரெண்டு பிஸ்கட் தின்று கொஞ்சம் தெளிந்ததும் போனை என்னிடம் நீட்டினார். "நீங்களும் இந்த வேலைதானே பாக்கறீங்க? நான் என்ன தப்பு பண்ணினேன்னு பாருங்க."

பார்த்தேன். சனிக்கிழமை ராத்திரி 9.40க்கு, ஏழு மணியை எட்டாக மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். எட்டு மணி காலி இல்லை, புக்கிங்கை ரத்து செய்யவா என்று பாட் கேட்டிருக்கிறது. இவர் பதில் போடவில்லை. ஏழு மணிக்கே வரட்டும் என்று விட்டுவிட்டார். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு நினைவூட்டல்: நாளை காலை ஏழு மணிக்கு எங்கள் ஆள் வருவார், பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள். மரியாதை தெரிந்த மனுஷர், "ok" என்று போட்டிருக்கிறார். அடுத்த நொடியே பாட்டின் பதில்: உங்கள் புக்கிங் ரத்து செய்யப்பட்டது. "ok" போட்ட கையோடு போனை மூடி வைத்துவிட்டதால் அதை அவர் பார்க்கவே இல்லை.

அந்தக் கம்பெனியின் புரோகிராமை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வரிசையைப் பார்த்தாலே இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் புரிந்துவிடும். "ok" வந்ததும், கடைசியாக நான் கேட்ட கேள்வி என்ன என்று பாட் தேடியிருக்கிறது. சனிக்கிழமை கேட்ட "ரத்து செய்யவா?" அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. ஞாயிறு போன நினைவூட்டலை பாட் அனுப்பியிருக்காது. பெரும்பாலும் இதையெல்லாம் வேறொரு சர்வர் மொத்தமாக அனுப்பும், பாட்டின் கணக்கில் அது இருக்காது. பெரியவரின் திரையில் "ok"க்கு நேர் மேலே இருப்பது நினைவூட்டல். பாட்டின் பார்வையில் நேர் மேலே இருப்பது ரத்துக் கேள்வி. ஒரே பதில், ரெண்டு கேள்வி.

இதில் என் கோபம் பாட் மேல் இல்லை. "முந்தின கேள்வியை வைத்துத்தானே அர்த்தம் எடுத்தோம், சரியாகத்தானே செய்தோம்" என்று சொல்லப் போகிற ஆட்கள் மேல்தான். முந்தின கேள்வியைப் பார்க்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த ஞானம் இல்லை. 1966ல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைஸா, "yes" என்றால் தான் என்ன கேட்டோம் என்றே பார்க்காது. நீங்கள் உறுதியாக இருக்கிறீர்கள் போலிருக்கிறதே என்கிற மாதிரி பொத்தாம் பொதுவாக ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும். 1977ல் ஜெராக்ஸ் பார்க்கில் டேனியல் பாப்ரோவும் கூட்டாளிகளும் செய்த 'கஸ்' என்ற விமானப் பயண பாட் அதைத் தாண்டியது. என்றைக்குக் கிளம்பவேண்டும் என்று கேட்கும்போதே, "நான் இன்ன தேதி கிளம்ப வேண்டும்" என்ற வாக்கியத்தில் தேதியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கும். வெறும் தேதி வந்தால் அந்த ஓட்டையில் பொருத்திக்கொள்ளும். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது! ஆக "முந்தின கேள்வியைப் பார்" என்பது பாதி பாடம்தான். எந்தக் கேள்வி, அது எத்தனை நேரம் உயிரோடு இருக்கும், அது கேள்விதானா என்பதுதான் மீதிப் பாதி.

"அது கேள்விதானா" என்பதை நம்ம தமிழே அழகாகச் சொல்லித் தரும். "நாளைக்கு ஏழு மணிக்கு வருவோம்" என்று ஒருவர் சொன்னால் நாம் "சரி" என்போம். "ஆமாம்" என்றால் சிரிப்பார்கள். "நீங்கதான் ராமசாமியா?" என்றால் "ஆமாம்" என்போம், "சரி" என்றால் பைத்தியம் என்பார்கள். "ரத்து செய்யவா?" என்றால் "செய்யுங்க", "வேண்டாம்" என்று வினையையே திருப்பிச் சொல்வோம். தகவலுக்குத் தலையாட்டுவது வேறு, உண்மையா என்பதற்குப் பதில் வேறு, அனுமதி கொடுப்பது வேறு. பெரியவர் இதையே தமிழில் பேசியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. "ok" இந்த மூன்றையும் ஒரே சட்டையில் திணித்துவிடுகிறது. இந்தியிலும் "ஜி", "டீக் ஹை", "அச்சா" எல்லாம் இதே ரகம்தான். நேரில் குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். திரையில் குரல் ஏது?

எங்கள் ஆபீசிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. ஒருத்தர், "ok" உதாரணங்களை இன்னும் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பழக்கலாம் என்றார். எதைப் பழக்குவது? ஆயிரம் "ok"யும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும்? அர்த்தம் அந்த ரெண்டு எழுத்துக்குள் இல்லையே, மேலே இருக்கிற செய்தியில்தானே இருக்கிறது! "ok என்றால் சம்மதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பரீட்சையில் நல்ல மார்க் வரும். அந்த மார்க்தான் ஆபத்து.

இன்னொருத்தர், பெரிய மொழி மாடலிடம் முழு உரையாடலையும் கொடுத்தால் அதுவே புரிந்துகொள்ளும் என்றார். பெரும்பாலும் புரிந்துகொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் நினைவூட்டல் அந்த உரையாடலில் சேரவே இல்லை என்றால்? எவ்வளவு பெரிய மாடலானாலும் சனிக்கிழமைக் கேள்வியும் ஞாயிற்றுக்கிழமை "ok"யும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். அதுவும் ரத்துதான் செய்யும், கொஞ்சம் இனிமையாகப் பேசிக்கொண்டே :-)

மூன்றாமவர், பட்டன் வைத்துவிடலாம் என்றார். நல்ல யோசனைதான். பட்டனை அழுத்தினால் எந்தக் கேள்விக்கான பதில் என்ற அடையாளமும் கூடவே வரும். ஆனால் பட்டன் வைத்தாலும் பெரியவர்கள் டைப் செய்யத்தான் செய்வார்கள். நினைவூட்டலில் பட்டனே கிடையாது. எனவே அதை மட்டும் நம்ப முடியாது.

பின்னே என்னதான் செய்வது? கஷ்டமே இல்லை. எந்த சர்வர் அனுப்பினாலும் சரி, பயனரின் திரையில் தெரிகிற ஒவ்வொரு செய்தியும் ஒரே கணக்கில் ஏற வேண்டும். ஒவ்வொன்றோடும், இது பதில் எதிர்பார்க்கிறதா, எத்தனை நேரத்துக்கு, என்று எழுதி வைக்க வேண்டும். வாட்ஸப்பில் ஒரு செய்தியை இழுத்து அதற்கே பதில் போட்டால், அந்தச் செய்தியின் அடையாளம் `context` என்ற பெயரில் நமக்கு வருகிறது. அது இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. இல்லாவிட்டால் கடைசியாகப் போன செய்தி. கடைசியாகக் கேட்ட *கேள்வி* அல்ல. இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில்தான் பெரியவர் பட்டினி கிடந்தார்.

```
m = find(context.id) if context else last_sent
if m.expects == "yes_no" and not m.expired:
    answer(m)
else:
    just_acknowledge()
```

இதைப் பெரியவர் கதையில் ஓட்டிப் பாருங்கள். "ok" வருகிறது, `context` இல்லை. கடைசியாகப் போனது நினைவூட்டல். அது பதில் எதிர்பார்க்கவில்லை. ஒரு நன்றி சொல்லிவிட்டு பாட் சும்மா இருக்கும். திங்கள் காலை ஏழு மணிக்கு ஆள் வருவார். ஒருவேளை நினைவூட்டல் கணக்கில் ஏறாமலே போயிருந்தாலும், ரத்துக் கேள்விக்குப் பத்து நிமிஷம் ஆயுள் வைத்திருந்தால் அது சனி ராத்திரி 9.50க்கே செத்திருக்கும்.

கேள்வியைக் கேட்கும் விதத்திலும் பாதி வியாதி இருக்கிறது. "தொடரவா, ரத்து செய்யவா?" என்று கேட்டு "yes" வந்தால் எந்தக் கடவுளாலும் அர்த்தம் சொல்ல முடியாது. "வேறு நேரம் வேண்டாமா?" என்று கேட்டால் தமிழ்க்காரர் "ஆமாம்" என்று வேண்டாததைச் சொல்வார், ஆங்கிலப் பழக்கத்தில் எழுதின புரோகிராம் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு செய்திக்கு ஒரு கேள்வி, அதுவும் எதிர்மறை இல்லாமல். இதற்கு மேல் ரத்து, பணம், சொந்த விவரங்கள் மாதிரி சமாச்சாரங்களுக்கு வெறும் "ok"யை ஏற்கவே கூடாது. பட்டன் வேண்டும், அல்லது "ரத்து" என்ற வார்த்தையே வரவேண்டும். 2023ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, சம்மதம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல், தெளிவான செயலால் காட்டப்பட வேண்டும் என்கிறது. நினைவூட்டலுக்குப் போட்ட "ok" அந்த வகையில் சேருமா?

உங்கள் பாட்டுக்கு இந்த வியாதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மத்தியானம் போதும். ரெண்டு வார்த்தைக்கு மேல் போகாத பதில்களை எல்லாம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே பயனரின் *போனில்* இருந்த செய்தியை வையுங்கள். உங்கள் லாக்கில் இருந்ததை அல்ல. ரெண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பாட் ஏதாவது செய்திருந்தால், அங்கே யாரோ ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பெரியவர் மறுபடி புக் செய்தார், இந்த முறை போனில். நான் கிளம்பும்போது கேட்டார்: "தம்பி, இனிமே ok போடாம இருந்தா போதுமா?" இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு தகவலுக்குத் தலையாட்டுகிற மரியாதையை எழுபத்துநாலு வயதில் அவர் ஏன் விட வேண்டும்?

டிஸ்கி: மேலே கிண்டலடித்த மூன்று பேரில் "உதாரணம் கொடுத்துப் பழக்கலாம்" என்றவர் சில வருஷம் முன்பு நான்தான். அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும் :-)