மொத்தம் சொல்லாததை மாதக் கணக்கு சொல்லும்



மார்ச் முடிந்து கணக்கு ஏடுகளை மூடியதும், ஊர் நலச் சங்கங்கள் ஆண்டறிக்கை எழுத உட்காரும் காலம் இது. வரவு செலவை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். தன்னார்வலர்கள் தந்த நேரத்துக்குச் சங்கம்தான் கணக்குச் சொல்ல வேண்டும். நம்மிடம் வரும் பல அறிக்கைகளில் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ‘இவ்வாண்டு இத்தனை மணி நேரம் உழைத்தோம்.’ அந்த ஒற்றை எண்ணை வைத்துப் பொதுக்குழுவில் எதையும் தீர்மானிக்க முடியாது. அதையே பணிவாரியாகவும் மாதவாரியாகவும் பிரித்துப் போட்டால் நிறையத் தீர்மானிக்கலாம்.

ஏரிப் பணி, மாலை வகுப்பு, நூலகம் என மூன்று வேலைகள் செய்யும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று இடத்திலும் ஒவ்வொரு கையெழுத்து நோட்டு இருக்கிறது. முதல் வேலை, அவற்றை ஒரே பட்டியலாக்குவது. ஒரு வரியில் ஒரு நாள், ஓர் ஆள், ஒரு பணி, எத்தனை மணி. இவ்வளவு போதும். ஏரிக்கு ஒரு ஞாயிறு 12 பேர் வந்து இரண்டரை மணி நேரம் ஆகாயத்தாமரை அகற்றினால் அது 30 மணி நேரம். ஆளுக்கு ஒரு வரி போடாமல் ‘ஏரிப் பணி, 2.5’ என்று ஒரே வரி எழுதினால் மீதி இருபத்தேழரை மணி நேரம் காணாமல் போய்விடும்.

அடுத்த சிக்கல் நிமிடங்களில் வரும். ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்று எழுதுவது நம் கைப்பழக்கம். கணினி அதை ஒன்றே கால் மணியைவிடச் சற்று அதிகம் என்றே கூட்டும். அப்படிப் பத்து வரி இருந்தால் 15 மணி நேரம் 13 ஆகிவிடும். 1.5 என்றே எழுத வேண்டும். தேதியும் வேலை நடந்த தேதியாக இருக்கட்டும். ஜூலை நோட்டு ஆகஸ்டில் கைக்கு வந்தது என்பதற்காக அந்த உழைப்பு ஆகஸ்டில் ஏறக் கூடாது.

பட்டியல் சரியானால் எக்செலில் பிவட் டேபிள் போடுவது சில நிமிட வேலை. பணிகள் வரிசையாக, மாதங்கள் பத்தியாக வரும். ஒருவர் ‘ஏரி’ என்றும் இன்னொருவர் ‘ஏரிப் பணி’ என்றும் எழுதியிருந்தால் இரண்டும் தனித்தனி வரிசையாகி உடனே காட்டிக்கொடுக்கும். வேலையே நடக்காத மாதத்துக்கு 0 போடுங்கள். நோட்டு தொலைந்த மாதத்துக்குக் கோடு போட்டு, கீழே காரணம் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் வாசிப்பவர் ஏமாறுவார்.

இனி அட்டவணையைப் படிக்கலாம். ஏரிப் பணி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சரிந்திருந்தால் அது வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் மாலை வகுப்பு 0 என்றால் அது கோடை விடுமுறை. இவற்றுக்குக் கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம் ஏரிப் பணி 60, நூலகம் 52 என்று அருகருகே நின்றால்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏரியின் 60, இரண்டு ஞாயிறுகளில் 12 பேர் தந்தது. நூலகத்தின் 52, ஒரே ஒருவர் 26 நாள் மாலையில் இரண்டிரண்டு மணி நேரம் உட்கார்ந்தது. அவர் காய்ச்சலில் படுத்தால் நூலகம் பூட்டிக் கிடக்கும். ஆகவே மணிக் கணக்குக்குப் பக்கத்தில் ஆள் கணக்கும் அவசியம்.

ஆள் கணக்கை மட்டும் மாதவாரியாகக் கூட்டிவிடாதீர்கள். ஜூலையில் 20 பேர், ஆகஸ்டில் 25 பேர் என்றால் மொத்தம் 45 அல்ல. அவர்களில் 15 பேர் இரண்டு மாதமும் வந்திருந்தால் 30 பேர்தான். மணி நேரம் கூடும், மனிதர் கூடமாட்டார். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வந்தால் அவர்களைத் தனியே குறியுங்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற அவர்கள் கணக்கு கல்லூரியிலும் ஏறுகிறது. அவர்கள் போன மறு ஆண்டு உங்கள் எண் திடீரெனக் குறைந்தால் காரணமும் அங்கேயே கிடைக்கும்.

மணிக் கணக்கு உழைப்பைத்தான் சொல்லும், விளைவைச் சொல்லாது. ஏரியில் எவ்வளவு பரப்பு தெளிந்தது, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதைத் தனியே எழுதுங்கள்.

அறிக்கையை அச்சுக்குத் தரும் முன் அட்டவணையைப் பொதுக்குழுவில் வாசியுங்கள். ஒரே ஒருவர் சுமக்கும் வரிசை எது என்று பார்த்து, அந்தப் பணிக்கு இரண்டாவது ஆளின் பெயரை அன்றே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்