மறுபயன்பாடு என்னும் சொல்

பிரான்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கப்பல் இருந்தது. 1960-இல் நீரில் இறக்கப்பட்டு 1962-இல் முதற்பயணம் போன பெரும் பயணிகள் கப்பல். பின்னர் நார்வேக்காரர்கள் வாங்கி 'நார்வே' ஆக்கினார்கள். 2003-இல் மயாமித் துறைமுகத்தில் அதன் கொதிகலன் ஒன்று வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தபின் அது மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. ஜெர்மனி, மலேசியா, அமீரகக் கடல் என்று இழுபட்டு, வங்கதேசம் உள்ளே விட மறுத்து, கடைசியில் 'ப்ளூ லேடி' என்ற மூன்றாவது பெயரோடு 2006 ஆகஸ்டில் குஜராத்தின் அலாங் கடற்கரையில் தரைதட்டியது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் க்ளெமென்சோ என்ற விமானந்தாங்கிக் கப்பலை, கல்நார் பிரச்சினைக்காக, பிரெஞ்சு அரசு அலாங்கிற்கு வரும் வழியிலேயே திருப்பி அழைத்துக்கொண்டது. க்ளெமென்சோவைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ப்ளூ லேடி விஷயத்தில் அந்த அளவு சத்தம் எழவில்லை. ஆனால் நாம் படிக்க வேண்டியது இரண்டாவது கப்பலின் கதையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அது வந்து சேர்ந்தது, உடைக்கப்பட்டது, அதற்கு ஒரு தீர்ப்பும் இருக்கிறது.

2007 செப்டம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கப்பலை உடைக்க அனுமதித்தது. உடைத்தால் 41,000 டன் எஃகு கிடைக்கும், 700 தொழிலாளருக்கு வேலை கிடைக்கும் என்பதை நீதிமன்றம் தராசின் ஒரு தட்டில் வைத்தது. மறுதட்டில் இருந்தது ஏறக்குறைய 1,200 டன் என்று மதிப்பிடப்பட்ட, கல்நார் கலந்த பொருள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கல்லிலிருந்து பிரிந்துவரும் நார் என்று பொருளைச் சொல்லிவிடுகிற 'கல்நார்' என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் சுமார் 85 விழுக்காடு அறைகளின் தடுப்புச் சுவர்களாகவும் மேற்கூரைப் பலகைகளாகவும் இருக்கிறது, அவற்றைச் சேதமின்றி, மறுபயன்பாட்டுக்கு உகந்த வடிவில் கழற்றிவிடலாம் என்று நிபுணர் குழு சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கழிவாகக் கையாள வேண்டியதாக எஞ்சியது மீதிப் பதினைந்து விழுக்காடு மட்டுமே.

ஒரு சொல்லால் ஆயிரம் டன் கழிவு, கழிவு அல்லாததாகிவிட்டது. இலக்கியம் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்குச் சொற்களின் வலிமை பற்றி நிறைய நம்பிக்கை உண்டு. இந்த அளவுக்கு வலிமையான சொல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், அந்த வாதம் முட்டாள்தனமானதல்ல. கப்பல் அறைகளின் சுவர்ப் பலகையில் கல்நார், சிமெண்ட் போன்ற ஒரு பிணைப்பொருளுக்குள் இறுகிக் கிடக்கிறது. அதன் இருபுறமும் மெல்லிய மெருகுத் தகடு ஒட்டியிருக்கும். பலகை முழுதாக இருக்கும்வரை அதிலிருந்து இழை அதிகம் வெளியேறுவதில்லை. எந்திர அறையின் நீராவிக் குழாய்களைச் சுற்றிப் பூசியிருக்கும் பஞ்சுபோன்ற கல்நார் உறையோ விரலால் அழுத்தினாலே உதிரும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பது தொழில்நுட்ப ரீதியாகச் சரிதான். அந்தப் பலகைகளைக் கப்பலில் வைத்தவர்களும் கெட்டவர்களல்ல. 1942-இல் நியூயார்க்கில் எரிந்து கவிழ்ந்த நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பலின் நினைவு மறையாத தலைமுறை அது. தீக்குப் பயந்து, பயணிகளின் உயிரைக் காப்பதற்காகவே சுவரெல்லாம் கல்நாராக்கினார்கள்.

கேள்வி 'முழுதாக' என்ற இடத்தில் இருக்கிறது. அத்தகைய பலகையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எஃகுத் தடங்களுக்குள் செருகப்பட்டிருக்கும். முறைப்படி எடுப்பதென்றால் முதலில் மேற்கூரையைக் கழற்ற வேண்டும். பிறகு பலகையை மேல்தடத்துக்குள் உயர்த்தி, கீழ்விளிம்பை விடுவித்து, சாய்த்து வெளியே எடுக்க வேண்டும். நாற்பத்தைந்து ஆண்டு உப்புக்காற்றில் தடங்கள் துருவேறிப் பலகையைக் கவ்விக்கொண்டிருக்கும். மின்கம்பிக்கும் குழாய்க்கும் விளக்குக்கும் துளையிட்ட பலகைகளும் ஏராளம். ஒவ்வொன்றையும் நனைத்து, மெதுவாக நெம்பி, விளிம்பை ஒட்டுநாடாவால் மூடி எடுக்கச் சில ஆட்களுக்குக் கணிசமான நேரம் பிடிக்கும். கடப்பாரையால் எடுத்தால் சில நிமிடம். கப்பலை வாங்கியவர் கடன் வாங்கித்தான் வாங்கியிருப்பார், ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறுகிறது. எது நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அனுபவம் தேவையில்லை. பலகையின் உடைந்த விளிம்பிலிருந்து கிளம்பும் இழை கண்ணுக்குத் தெரியாது. மைக்ரான் கணக்கில் மெலிந்த அந்த இழை நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்குகிறது. உடல் அதைக் கரைக்கவும் முடியாது, எளிதில் வெளியேற்றவும் முடியாது.

சரி, முழுதாகவே எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அது எங்கே போகிறது? அலாங்கிலிருந்து வெளியேறும் சாலையின் இருபுறமும் பல கிலோமீட்டருக்குக் கப்பல்களின் பழம்பொருள் விற்கும் கடைகள் இருக்கின்றன. கட்டில், பீங்கான் தட்டு, சமையலறை மேடை, உயிர்காப்பு மிதவை, கதவு என்று எல்லாம் கிடைக்கும். பலகையும் கிடைக்கும். தீப்பிடிக்காது, கனமானது, பளபளப்பானது, விலை மலிவு. வாங்கிப்போகும் தச்சர் அதைத் தன் அளவுக்கு அறுக்க வேண்டும், ஆணிக்குத் துளையிட வேண்டும். கப்பலுக்குள் முகமூடியும், நெகிழித் திரையும், எதிரழுத்த அறையும் வேண்டும் என்று விதி வற்புறுத்திய அதே வேலையை அவர் ஒரு சிற்றூரில், கடைவாசலில் உட்கார்ந்து, கைரம்பத்தால் செய்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பலகை. பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. உடைந்த விளிம்பு சாம்பல்வெள்ளையாக, நார்நாராக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். உறுதிசெய்ய வேண்டுமென்றால் விரல்நுனி அளவு மாதிரியை நனைத்து வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பழம்பொருள் கடைக்கு வருகிறவரிடம் நுண்ணோக்கியை எதிர்பார்க்க முடியுமா?

நோய் வர இருபது முதல் நாற்பது ஆண்டு ஆகும் என்பதுதான் இதில் கொடுமை. அலாங்கில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, பிகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அங்கே மூச்சுத்திணறி இறப்பவரைக் காசநோய் என்று சொல்லிவிட்டால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆயினும் ஒரு தடயம் ஆவணத்தில் பதிந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழுவுக்காக 2006-இல் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் கல்நார் கையாண்ட 94 தொழிலாளர்களின் மார்பை எக்ஸ்-ரே எடுத்தது. 15 பேரிடம், அதாவது நூற்றுக்குப் பதினாறு பேரிடம், கல்நார் நோயின் தொடக்கத்தோடு பொருந்தும் நிழல்கள் தெரிந்தன. அந்த அறிக்கை வந்த மறு ஆண்டுதான் 'மறுபயன்பாடு' தீர்ப்பில் இடம்பெற்றது.

எண்ணெய் விஷயத்தில் வேறொரு சொல் இதே வேலையைச் செய்கிறது: 'வாயு நீக்கப்பட்டது' என்ற சான்றிதழ். தொட்டிக்குள் ஆள் இறங்கலாம் என்பதற்கு ஒரு சான்று, அங்கே நெருப்பு வைத்து வெட்டலாம் என்பதற்கு இன்னொன்று. முதலாவது கிடைத்ததும் இரண்டாவதும் கிடைத்ததாக எண்ணிக்கொள்வதில்தான் உயிர்கள் போகின்றன. அளவுகருவியை உள்ளே விட்டால் காற்றில் ஆவி இல்லை என்று காட்டும். அது உண்மைதான். ஆனால் தொட்டியடியில் துருச்செதில்களுக்குக் கீழேயும், எண்ணெயைச் சூடாக்கும் குழாய்ச் சுருள்களுக்கு அடியிலும் கெட்டியான கசடு இருக்கிறது. கப்பலின் கனரக எரிபொருள் குறைந்தது 60 டிகிரி செல்சியஸ்வரை சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். காலைக் குளிரில் கருவிக்கு அது தெரியாது. வெட்டும் சுடர் மறுபுறத் தகட்டில் பட்டவுடன் கசடு தானே ஆவியாகிறது, அந்தச் சுடரே அதற்குத் தீயும் வைக்கிறது. 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானியில் எண்ணெய்க் கப்பல் ஒன்று வெடித்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தது, எச்சங்கள் சுத்தமாகாத தொட்டியோடு வேலை தொடங்கியதால்தான். கசடை மண்வெட்டியால் வழித்து, தகட்டைத் துடைத்து, ஒவ்வொரு நாளும் வெட்டுவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். நேற்றைய தாள் நேற்றைய காற்றைப் பற்றியது.

எண்ணெயாவது தவறை உடனே காட்டிவிடுகிறது. அதனால் அதற்கு விதிகளும் கொஞ்சம் விரைவாகவே வருகின்றன.

2009-இல் உருவான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியா 2019-லேயே அதில் இணைந்து, அதற்கென ஒரு சட்டமும் இயற்றியது. இனி ஒவ்வொரு கப்பலும் தன்னுள் இருக்கும் அபாயப் பொருட்களின் பட்டியலைச் சுமந்துகொண்டுதான் உடைகளத்துக்கு வர வேண்டும். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பட்டியலே இல்லாத காலத்தில் குழாய் உறையைத் தொட்டுப்பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆனால் பட்டியல் கப்பலின் பட்டியல், அனுமதி உடைகளத்துக்கான அனுமதி. பொருள் வாசலைத் தாண்டிச் சரக்காகி லாரியில் ஏறும்போது பட்டியலின் தாள் அதோடு ஏறுவதில்லை. கழிவுக் கல்நாரை இறக்குமதி செய்ய நம் நாட்டில் தடை இருக்கிறது. அதே கல்நார் ஒரு கப்பலின் சுவராக வந்தால் அது கப்பல், கழற்றி விற்றால் அது பலகை. கழிவு என்ற பெயரோடு அது எந்த இடத்திலும் நிற்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. பட்டியலில் கல்நார் என்று குறிக்கப்பட்ட எந்தப் பலகையும், எவ்வளவு முழுமையாக வந்தாலும், களத்தைவிட்டு விற்பனைக்குப் போகக் கூடாது. நனைத்து, இரட்டை உறையிட்டு, முத்திரையிட்டு, எண்ணிக்கை எழுதி, புதைகளத்துக்குத்தான் போக வேண்டும். கழற்றிய எண்ணிக்கையும் புதைத்த எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க அதிகாரி கப்பலுக்குள் ஏற வேண்டியதில்லை. சாலையோரக் கடைகளில் மாதம் ஒருமுறை நான்கு பலகைகளின் விளிம்பை வெட்டியெடுத்து ஆய்வுக்கு அனுப்பினால் போதும். இதனால் கப்பலின் கொள்விலை கொஞ்சம் குறையும். அந்த நட்டம் கப்பலை நாற்பது ஆண்டு ஓட்டிச் சம்பாதித்தவரின் கணக்கில் விழட்டும்.

ப்ளூ லேடி 2008 வாக்கில் முற்றிலும் இல்லாமல் போயிற்று. அதன் முகப்பின் நுனி மட்டும் பிரான்சுக்குத் திரும்பி, 2009-இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்து நல்ல விலைக்குப் போனது. அது இப்போது யாரிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவு இருக்கும். பலகைகள் யார் வீட்டில் இருக்கின்றன என்பதற்கு இல்லை.